அசல் கணக்கு எங்கே இருக்க வேண்டும்?
பாகூரிலும் வில்லியனூரிலும் வீட்டிலிருந்து வேலை செய்வோருக்கு முன் உள்ள இரு வழிகள்

2020 மார்ச் 25 அன்று நாடு முழுதும் ஊரடங்கு தொடங்கியபோது, புதுச்சேரி நகரத்தில் உள்ள வரி ஆலோசகர் அலுவலகங்களும், தட்டாஞ்சாவடி, மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டைகளில் உள்ள சிறு நிறுவனங்களின் கணக்குப் பிரிவுகளும் ஒரே நாளில் ஒரு சிக்கலைச் சந்தித்தன. கணக்கு நகரத்துக் கணினியில் இருந்தது. அதை எழுதுகிறவர்கள் சுற்றியுள்ள கொம்யூன்களில் இருந்தார்கள். வில்லியனூர் நகரத்துக்கு மேற்கே சுமார் 10 கிலோமீட்டர், பாகூர் தெற்கே சுமார் 20 கிலோமீட்டர். பஸ் ஓடும் வரை இந்தத் தொலைவு ஒரு பொருட்டே இல்லை. ஊரடங்கு முடிந்த பின்னும் வாரத்தில் சில நாள் வீட்டிலிருந்து வேலை என்ற ஏற்பாடு பல இடங்களில் தங்கிவிட்டது. பிள்ளைகளையும் வயதானவர்களையும் பார்த்துக்கொண்டு கணக்கு எழுதும் பெண்களுக்கு அது பெரிய உதவி. ஆனால் அன்றைக்கு அவசரத்தில் செய்த ஏற்பாடே இன்றைக்கும் பல அலுவலகங்களில் தொடர்கிறது. அதைச் சரியாக யோசித்துத் தீர்மானிக்க வேண்டிய நேரம் இது.

ஏற்பாடுகள் அடிப்படையில் இரண்டுதான். முதலாவது ரிமோட் டெஸ்க்டாப். அலுவலகக் கணினி அங்கேயே ஓடிக்கொண்டிருக்கும்; அதன் திரை மட்டும் வீட்டு லேப்டாப்பில் தெரியும்; நாம் தட்டும் எழுத்தும் மவுஸ் அசைவும் அங்கே போகும். கோப்பு எதுவும் வீட்டுக்கு வருவதில்லை. இரண்டாவது கோப்பு ஒத்திசைவு. ஒன்டிரைவ், கூகுள் டிரைவ், சிங்க்திங் போன்ற ஒரு மென்பொருள் அலுவலக ஃபோல்டரின் பிரதி ஒன்றை லேப்டாப்பில் வைத்து, ஒரு பக்கம் மாறியதை மறுபக்கத்திலும் மாற்றும். இவற்றில் எது நல்லது என்று கேட்டால் பெரும்பாலும் நெட் வேகத்தைப் பற்றியே பேச்சு போகிறது. வேகம் இரண்டாம் கேள்வி என்பதே இந்தக் கட்டுரையின் வாதம். முதல் கேள்வி, அந்த வேலையின் அசல் எத்தனை இடத்தில் இருக்கலாம் என்பது. ஒரே இடத்தில்தான் இருக்க முடியும் என்றால் ரிமோட் டெஸ்க்டாப்; தனித்தனிக் கோப்புகளாகப் பிரிந்து நின்றாலும் கெடாது என்றால் ஒத்திசைவு. இந்த ஊர்களின் மின்சாரமும் மழையும் அந்த விடையைக் கொஞ்சம் திருத்துகின்றன. ஆனால் தலைகீழாக்குவதில்லை.

வேகத்தைப் பற்றிய அச்சத்தை முதலில் தீர்த்துவிடலாம். ரிமோட் டெஸ்க்டாப் முழுத் திரையையும் விநாடிக்கு விநாடி அனுப்புவதில்லை. திரையில் மாறிய பகுதியை மட்டும் சுருக்கி அனுப்புகிறது. எளிய அலுவலக வேலைக்கு 1.5 எம்பிபிஎஸ் இருக்கட்டும் என்பது மைக்ரோசாஃப்ட் சொல்லும் அளவு. வவுச்சர் பதியும்போது திரையில் சில எண்களே மாறுவதால், உண்மையில் செலவாவது அதைவிடக் குறைவு. சராசரி 200 கேபிபிஎஸ் என்று வைத்துக் கணக்கிட்டால் மணிக்கு 90 எம்பி, 6 மணி நேரத்துக்கு 540 எம்பி. நாளொன்றுக்கு 1.5 ஜிபி தரும் சாதாரண மொபைல் திட்டத்திலேயே இது அடங்கும். வேகத்தைவிட முக்கியமானது தாமதம், அதாவது ஒரு விசையைத் தட்டியதும் எழுத்து திரையில் வர ஆகும் நேரம். போய்வர 150 மில்லி விநாடிக்குள் இருந்தால் வேலை இயல்பாக நடக்கும். நகரத்திலிருந்து 20 கிலோமீட்டரில் உள்ள வீட்டுக்கு, சிக்னல் ஒழுங்காக இருந்தால், இது எட்டக்கூடிய அளவுதான். கவனிக்க வேண்டியது நாள் ஒதுக்கீடு தீர்ந்த பின் வரும் நிலை. பல திட்டங்களில் வேகம் 64 கேபிபிஎஸ்ஸாக விழுகிறது. அப்போது ரிமோட் டெஸ்க்டாப் பயன்படாது. ஒத்திசைவு ஊர்ந்தாவது போகும். 10 எம்பி கோப்பு ஒன்று போக 20 நிமிடத்துக்கு மேல் ஆகும். வீட்டில் அதே போனில் பிள்ளைகள் வீடியோ பார்த்தால் ஒதுக்கீடு மதியமே தீரும். ஆகவே வேலைக்கென்று தனி சிம்மோ, ஃபைபர் இணைப்போ இருப்பது எந்த வழிக்கும் நல்லது.

இப்போது அசலைப் பற்றிய கேள்வி. இந்தப் பகுதியின் சிறு அலுவலகங்களில் வீட்டுக்குப் போகும் வேலையில் கணிசமானது டேலியில் நடப்பது. டேலியில் ஒரு நிறுவனத்தின் கணக்கு என்பது வேர்டு ஆவணம் போல ஒற்றைக் கோப்பு இல்லை. எண்ணைப் பெயராகக் கொண்ட ஒரு ஃபோல்டருக்குள் ஒன்றையொன்று சார்ந்த பல கோப்புகள் இருக்கும். ஒரு விற்பனை வவுச்சரைப் பதிந்தால் அவற்றில் பலவும் சேர்ந்தே மாறும். ஒத்திசைவு மென்பொருளுக்கு இந்த உறவு தெரியாது. அது ஒவ்வொரு கோப்பையும் தனித்தனியாக, கிடைத்த வரிசையில் ஏற்றும். நடுவில் நெட் அறுந்தால் சில கோப்புகள் புதியவை, சில பழையவை. டேலி திறந்திருக்கும் நேரத்தில் சில கோப்புகள் பூட்டியிருப்பதால் அவை ஏறாமலே நிற்பதும் உண்டு. மறுபக்கத்தில் அந்தக் கணக்கைத் திறந்தால் பிழைச் செய்தி வரும். அல்லது, அதைவிட மோசமாக, பிழை எதுவும் காட்டாமலே திறந்துகொள்ளும்.

ஓர் அலுவலகத்தைக் கற்பனை செய்து பார்ப்போம். பாகூரில் இருக்கும் கணக்கர் மாலை 6 மணிக்கு விற்பனை வவுச்சர் 214 முதல் 231 வரை பதிந்து, லேப்டாப்பை மூடிவிட்டுச் சமையலுக்குப் போகிறார். மேலேற்றம் முடியவில்லை, லேப்டாப் தூங்கிவிட்டது. மறுநாள் காலை 9 மணிக்கு அலுவலகத்தில் இருப்பவர் அதே நிறுவனத்தைத் திறக்கிறார். அவருக்குக் கடைசி வவுச்சர் 213. அவரும் 214 என்று தொடங்கி வேறு பில்களைப் பதிகிறார். 10 மணிக்குப் பாகூர் லேப்டாப் விழித்ததும் இரண்டு 214-கள் மோதுகின்றன. மென்பொருள் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை மோதல் பிரதி என்று பெயர் மாற்றி ஒதுக்கும். அல்லது பிந்திய நேரமுள்ள கோப்பை மட்டும் ஏற்கும். எதுவானாலும் ஒருவருடைய வேலை மறைந்துபோகும். இது எப்போது தெரியும்? பெரும்பாலும் மாதம் 11-ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-1 தாக்கல் செய்யும்போது, விற்பனைத் தொகை கட்சிக்காரரின் பில் புத்தகத்தோடு ஒத்துப்போகாமல் நிற்கும் வேளையில். காரணத்தைத் தேட அரை நாள், மீண்டும் பதிய இன்னொரு நாள். முன்கூட்டியே பிடிக்க வேண்டுமானால் இரண்டு அடையாளங்களைப் பார்க்கலாம்: கணக்கு ஃபோல்டருக்குள் `sync-conflict` என்றோ கணினியின் பெயரோ சேர்ந்த கோப்பு திடீரென்று தோன்றுவது, முந்தைய மாலை குறித்துவைத்த கடைசி வவுச்சர் எண் காலையில் வேறாக இருப்பது.

ஒழுங்காக நடந்துகொண்டால் இது நேராதே என்று கேட்கலாம். டேலியை மூடு, பச்சை அடையாளம் வரும் வரை காத்திரு, பிறகு மற்றவர் திறக்கட்டும் என்று விதி வைத்தால் போதாதா? கோட்பாட்டளவில் போதும். ஆனால் அந்த விதி இருவருடைய நினைவையும், இரு இடத்து நெட்டையும், ஒரு போன் அழைப்பையும் நம்பி நிற்கிறது. நெட் அறுந்திருந்தால் பச்சை அடையாளம் வராது. வரும் வரை காத்திருக்கவும் முடியாது. 20-ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-3பி கெடு நெருங்கும் நாளில் இந்தப் பொறுமையை யாரிடமும் எதிர்பார்க்க முடியாது. இன்னொரு தடையும் இருக்கிறது. டேலியின் உரிமம் அலுவலகக் கணினியில் பதிந்திருக்கும். உரிமம் இல்லாத லேப்டாப்பில் அது கல்விப் பயன்முறையில்தான் ஓடும். மாதத்தின் முதல் இரண்டு நாளும் கடைசி நாளும் தவிர வேறு தேதியில் வவுச்சர் பதிய விடாது. ஆக, தரவை மட்டும் வீட்டுக்குக் கொண்டுபோனால் வேலை நடந்துவிடாது. உரிமத்துக்கும் தனியாகச் செலவழிக்க வேண்டும். ரிமோட் டெஸ்க்டாப்பில் இந்தச் சிக்கல்கள் எழுவதில்லை. கணக்கு ஒரு கணினியில், ஒரு வட்டில், ஒரே வரிசையில் இருக்கிறது.

அப்படியானால் ஒத்திசைவுக்கு வேலையே இல்லையா என்றால், நிறைய இருக்கிறது. ஸ்கேன் செய்த கொள்முதல் பில்கள், வங்கி அறிக்கைகள், கடிதங்கள், கட்சிக்காரர் வாரியாகப் பிரித்த எக்செல் தாள்கள் எல்லாம் தனித்தனியாக நிற்பவை. ஒன்று தாமதமாக வந்தாலும் மற்றவை கெடுவதில்லை. வில்லியனூர்ப் பக்கம் ஒரு கட்சிக்காரரின் கடையில் எடுத்த பில் படங்களை இரவே ஃபோல்டரில் போட்டால், மறுநாள் அலுவலகத்தில் தயாராக இருக்கும். ரிமோட் டெஸ்க்டாப்பில் இதே படங்களைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பதுதான் மந்தமான வேலை, ஏனென்றால் ஒவ்வொரு பக்கமும் முழுத் திரையை மாற்றுகிறது. இங்கே ஒரே எச்சரிக்கை போதும். ஒன்டிரைவ் இயல்பாகக் கோப்பின் பெயரை மட்டும் லேப்டாப்பில் காட்டி, உள்ளடக்கத்தை மேகத்திலேயே வைத்திருக்கக்கூடும். நெட் இருக்கும் வரை வித்தியாசம் தெரியாது. நெட் போனதும் கோப்பு திறக்காது. வேண்டிய ஃபோல்டரில் வலது கிளிக் செய்து `Always keep on this device` என்பதைத் தேர்ந்தெடுத்தால்தான் பிரதி உண்மையாக லேப்டாப்பில் இறங்கும். நெட் போகும் ஊரில் ஒத்திசைவின் முழுப் பயனும் இந்த ஒரு அமைப்பில் அடங்கியிருக்கிறது.

ரிமோட் டெஸ்க்டாப்பின் மீது வைக்கக்கூடிய வலுவான மறுப்பு, அது ஒரே நேரத்தில் நான்கு விஷயங்களை நம்பியிருக்கிறது என்பது: வீட்டு மின்சாரம், வீட்டு நெட், அலுவலக மின்சாரம், அலுவலக நெட். ஒவ்வொன்றும் வேலை நேரத்தில் 98 சதவீதம் இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், நான்கும் ஒருங்கே இருக்கும் நேரம் 92 சதவீதம்தான். 8 மணி நேரத்தில் ஏறக்குறைய 37 நிமிடம் போய்விடும். பராமரிப்புக்காக மின்சாரத்தை நிறுத்தும் நாள் பாகூருக்கு ஒன்று, நகரத்துக்கு வேறொன்று என்று வரும்போது இழப்பு இன்னும் கூடும். இந்த மறுப்பு உண்மை. ஆனால் நான்கு கண்ணிகளும் ஒரே அளவுக்குப் பலவீனமானவை இல்லை. வீட்டு மின்சாரம் போனால் லேப்டாப்பின் பேட்டரி தாங்கும். வீட்டு நெட் போனால் போனிலிருந்து ஹாட்ஸ்பாட் போடலாம். மேலும், இணைப்பு அறுந்தாலும் விண்டோஸ் ரிமோட் டெஸ்க்டாப்பில் வேலை அழிவதில்லை. பாதி நிரப்பிய வவுச்சர் அலுவலகக் கணினியில் அப்படியே நிற்கும். மறுபடி இணைந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். உண்மையில் அடிபடுவது அலுவலகப் பக்கம்தான். அங்கே கரண்ட் போய்க் கணினி அணைந்தால், மின்சாரம் திரும்பிய பின்னும் யாராவது போய்ப் பொத்தானை அழுத்தும் வரை வீட்டில் இருப்பவர் ஒன்றும் செய்ய முடியாது.

அதற்கான மருந்து பெரிய செலவில்லாதது. கணினியின் பயாஸ் அமைப்பில் `Restore on AC Power Loss` என்றோ அதையொத்த பெயரிலோ ஒரு வரி இருக்கும். அதை `Power On` என்று மாற்றினால் மின்சாரம் வந்ததும் கணினி தானே எழும். விண்டோஸில் தூங்கும் அமைப்பை எப்போதுமில்லை என்று வைக்க வேண்டும். புதுப்பித்தலுக்காக வேலை நேரத்தில் மறுதொடக்கம் ஆகாதபடி நேரத்தைக் குறிக்க வேண்டும். சிறிய யுபிஎஸ் சில நிமிடங்களே தாங்கும் என்பதால், கணினியோடு நெட் ரவுட்டரையும் ஃபைபர் பெட்டியையும் அலுவலக இன்வெர்ட்டரில் சேர்ப்பதுதான் பயன் தரும். பல அலுவலகங்களில் விளக்கும் விசிறியும் இன்வெர்ட்டரில் ஓடும், ரவுட்டர் மட்டும் அணைந்துகிடக்கும். வீட்டில் இருப்பவருக்கு அலுவலகமே இருண்டதாகத் தெரிவது அதனால்தான்.

தொடங்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டிய எல்லைகள் இன்னும் சில. விண்டோஸின் ஹோம் பதிப்பு உள்ள கணினிக்குள் அதன் சொந்த ரிமோட் டெஸ்க்டாப் மூலம் நுழைய முடியாது. புரோ பதிப்பு வேண்டும். புரோ பதிப்பிலும் ஒரே நேரத்தில் ஒருவர்தான் இருக்கலாம். அலுவலகத்தில் வேறொருவர் அதே கணினியில் உட்கார்ந்தால் வீட்டில் இருப்பவர் வெளியே தள்ளப்படுவார். ஆகவே வீட்டிலிருந்து வேலை செய்பவருக்கென்று ஒரு கணினி இருக்க வேண்டும். நிறுவனங்களுக்கான தாக்கலில் பயன்படும் டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் இன்னொரு இடறல். அலுவலகக் கணினியில் செருகிய டோக்கன் விண்டோஸ் ரிமோட் டெஸ்க்டாப் அமர்வுக்குள் பொதுவாகத் தெரியாது, ஏனென்றால் அந்த அமர்வு வீட்டுப் பக்கத்து அட்டை வாசிப்பானையே தேடுகிறது. டோக்கனை வீட்டுக்கு எடுத்துப்போவதைவிட, கையெழுத்திடும் அந்தக் கடைசிப் படியை அலுவலகத்தில் இருப்பவர் செய்வதே நல்லது. தமிழில் கடிதம் அடிப்பவர்கள் தட்டச்சு மென்பொருளை அலுவலகக் கணினியில் மட்டும் இயக்க வேண்டும். இரு பக்கமும் இயங்கினால் எழுத்துகள் சிதைந்து வரும்.

பாதுகாப்பைப் பொறுத்தவரை இரு வழிக்கும் வெவ்வேறு ஆபத்து உண்டு. ரிமோட் டெஸ்க்டாப் அலுவலகத்துக்கு ஒரு வாசல் வைக்கிறது. ரவுட்டரில் 3389 என்ற போர்ட்டை நேரடியாக இணையத்துக்குத் திறந்துவிடுவது அந்த வாசலைத் தெருவுக்குத் திறப்பது. கடவுச்சொல்லை ஊகிக்கும் நிரல்கள் அதை ஓயாமல் தட்டும். 2019 மே மாதம் வெளியான புளூகீப் என்ற ஓட்டை, கடவுச்சொல்லே இல்லாமல் பழைய விண்டோஸ் கணினிகளுக்குள் நுழைய வழி கொடுத்தது. ஆகவே விபிஎன் வழியாக மட்டுமே உள்ளே வர வேண்டும். எனிடெஸ்க் போன்ற செயலிகள் போர்ட் எதுவும் திறக்காமல் இணைக்கின்றன. அவற்றின் எண்ணைப் போனில் யாரோ கேட்டுச் சொல்லிவிடுவதுதான் அங்கே ஆபத்து. 2019 பிப்ரவரியில் ரிசர்வ் வங்கி இத்தகைய மோசடி பற்றி எச்சரித்தது. மறுபுறம் ஒத்திசைவு கட்சிக்காரரின் கணக்கையே வீட்டுக்குக் கொண்டுவருகிறது. பிள்ளைகளும் பயன்படுத்தும், பஸ்ஸில் தொலையக்கூடிய லேப்டாப்பில் அது இருக்கும். லேப்டாப்பைக் குறியாக்கம் செய்து, தனிப் பயனர் கணக்கு வைப்பது கட்டாயம். ஒத்திசைவைக் காப்புப் பிரதி என்று நம்புவதும் தவறு. ஒரு பக்கம் அழித்தது மறுபக்கமும் அழியும். கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வைரஸ் பூட்டியதும் அப்படியே மறுபக்கம் போகும்.

இந்த ஊர்களின் உண்மையான சோதனை புயல். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரை கடந்தபோது பல பகுதிகளில் நாள் கணக்கில் மின்சாரம் இல்லை. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரை கடந்தது. ஒரே நாளில் நகரத்தில் 45 செ.மீ.க்கும் மேல் மழை. அடுத்த நாட்களில் சாத்தனூர் அணை நீரால் தென்பெண்ணை பெருகி பாகூர்ப் பகுதிக் கிராமங்களுக்குள் புகுந்தது. வில்லியனூர்ப் பக்கம் சங்கராபரணி கரைபுரண்டது. அப்படிப்பட்ட நாளில் நான்கு கண்ணிகளும் சேர்ந்தே அறுகின்றன. மேலே போட்ட சதவீதக் கணக்கு அங்கே பொருந்தாது. ரிமோட் டெஸ்க்டாப் மட்டும் வைத்திருப்பவர் கையில் ஒன்றும் இருக்காது. டிசம்பர் 11-ஆம் தேதி கெடுவோ வந்துகொண்டிருக்கும்.

இதைக் காட்டி, கணக்கையே ஒத்திசைக்க வேண்டும் என்று வாதிடலாம். ஆனால் புயல் நாளுக்கு வேண்டியது இரண்டாவது அசல் அல்ல. வாசிக்க ஒரு பிரதியும், புதிய வேலையை எழுதிவைக்க ஓர் இடமும்தான். தினமும் மாலை டேலியின் காப்புப் பிரதியோடு, பாக்கிப் பட்டியலையும் தேவையான லெட்ஜர்களையும் எக்செல்லாகவோ பிடிஎஃப்பாகவோ ஒத்திசைவு ஃபோல்டரில் போட்டுவிட வேண்டும். இந்தப் பயணம் ஒருவழி; அலுவலகத்திலிருந்து வீட்டுக்கு மட்டும். கரண்டும் நெட்டும் இல்லாத நாட்களில் வீட்டில் இருப்பவர் பில்களை ஓர் எக்செல் தாளில் பதிந்து வைக்கலாம். டேலிபிரைம் 4.0 முதல் எக்செல்லிலிருந்து வவுச்சர்களை நேராக உள்ளிறக்க முடியும் என்பதால் அந்த உழைப்பு வீணாகாது. வவுச்சர் எண்ணை அந்தத் தாளில் போடாமல் விட்டு, அசலுக்குள் இறங்கும்போது டேலியே போடும்படி வைத்தால் இரண்டு 214-களுக்கு இடமே இல்லை.

இத்தனை சிரமம் எதற்கு, மாத வாடகைக்கு டேலியை வெளிச் சர்வரில் வைத்துவிட்டால் போதாதா என்பது கடைசி மறுப்பு. அலுவலக மின்சாரம், அலுவலக நெட் என்ற இரு கண்ணிகளை அது நீக்குகிறது என்பது உண்மை. வீட்டிலிருந்து மூன்று நான்கு பேர் வேலை செய்யும் அலுவலகத்துக்கு அந்த வாடகை நியாயமாகவே இருக்கும். ஆனால் கவனித்தால் அதுவும் ரிமோட் டெஸ்க்டாப்பின் ஒரு வடிவம்தான். அசல் ஒரே இடத்தில் நிற்கிறது, நாம் போய் அதைத் தொடுகிறோம். ஒருவர் மட்டும் வாரத்தில் இரண்டு நாள் வீட்டில் இருக்கும் அலுவலகத்துக்கு இன்வெர்ட்டர் இணைப்பும் பயாஸ் மாற்றமும் போதும்.

ஆகவே தேர்வு இரண்டில் ஒன்று என்று நிற்பதில்லை. வேலையை இரண்டாகப் பிரிப்பதில்தான் இருக்கிறது. கணக்குத் தரவு அலுவலகத்தில், ரிமோட் டெஸ்க்டாப்பில். தாள்களும் படங்களும் ஒத்திசைவில், லேப்டாப்பில் உண்மையாக இறங்கிய பிரதியோடு. மாலையில் ஒருவழிக் காப்பு. ஏற்பாடு சரியா என்று சோதிக்க ஓர் எளிய வழி உண்டு. மழைக்காலத்துக்கு முன், அக்டோபர் தொடக்கத்தில் ஒரு வேலை நாளில், அலுவலகத்தின் மெயின் சுவிட்சை அரை மணி நேரம் அணைத்துப் பாருங்கள். முதலில் இன்வெர்ட்டரில் கணினியும் ரவுட்டரும் நிற்கின்றனவா என்று வீட்டிலிருந்து இணைந்து பாருங்கள். பிறகு கணக்குகளை மூடிவிட்டுக் கணினிக்குப் போகும் மின்சாரத்தையும் துண்டித்து மறுபடி கொடுங்கள். யாரும் தொடாமல் அது எழுந்து வீட்டிலிருந்து இணைய முடிகிறதா என்று பாருங்கள். கடைசியில் வீட்டு நெட்டையும் அணைத்துவிட்டு, நேற்றைய பாக்கிப் பட்டியல் லேப்டாப்பில் திறக்கிறதா என்று பாருங்கள். மூன்றும் நடந்தால் பாகூரில் இருப்பவரும் வில்லியனூரில் இருப்பவரும் நவம்பரைத் தைரியமாக எதிர்கொள்ளலாம். எது நடக்கவில்லையோ, அதைச் சரிசெய்ய இன்னும் ஒரு மாதம் கையில் இருக்கும்.